ஏழாவது ஆள் இறங்கட்டும்

திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல, ஏழாவது ஆளா ஆட்டோவுல டிரைவர் பக்கத்துல தொத்திக்கிட்டுப் போயிருக்கீங்களா? நான் போயிருக்கேன். ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்புறப்பல்லாம் என் முட்டியில இடிக்கும். அவசரத்துக்கு வண்டியை முழுசா ஒடிக்க முடியாதுங்கிறது அப்பதான் புரிஞ்சது.

ஆட்டோ பெர்மிட் மூணு பேருக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 194ஏ பிரிவு, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது. ஏழு பேர் என்றால் நாலு பேர் கூடுதல், 800 ரூபாய். தலைக்கு 20 ரூபாய்னு வச்சுக்கிட்டா, அந்த நாலு பேரால ஒரு டிரிப்புக்கு 80 ரூபாய் அதிகம் கிடைக்கும். பத்தே டிரிப்ல அபராதக் காசு திரும்பி வந்துடும். அப்புறம் யார் பயப்படுவாங்க?

ஆனா அதே பிரிவுல இன்னொரு வரி இருக்கு. கூடுதல் பயணிகளை இறக்கி, அவங்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு பண்ற வரைக்கும் ஆட்டோ நகரக் கூடாது. காலை நேரத்துல அரை மணி நேரம் நின்னா டிரைவருக்கு சவாரி போச்சு, நமக்கு முதல் பீரியட் போச்சு. செலான் போடுறதோட நிறுத்தாம, போலீஸ் இதைத்தான் செய்யணும். தினவாடகை கட்டி ஓட்டுற டிரைவரை மட்டும் பிடிக்கிறதும் நியாயமில்ல. அப்படி ஓட்ட விடுற ஓனருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.