சராசரி போதாது

திருவிடந்தைக்குத் தண்ணீர் லாரி அமர்த்த, சராசரித் தேவை தெரிந்தால் போதும் என்று வாதிடுகிறார்கள். ஒப்புக்கொள்ள முடியாது. தினசரித் தேவையின் சராசரி 60,000 லிட்டர், திட்டவிலக்கம் 10,000 என்று கொள்வோம். தேவை இயல்நிலைப் பரவலில் இருந்தால், 12,000 லிட்டர் லாரி ஐந்து நடை அடித்தாலும் பாதி நாள் குடம் காலியாகவே இருக்கும்.

பற்றாக்குறை 5 சதவீத நாட்களைத் தாண்டக்கூடாது என்றால், சராசரியோடு திட்டவிலக்கத்தின் 1.645 மடங்கைக் கூட்ட வேண்டும்: 76,450 லிட்டர். ஆறு நடையில் 72,000தான் வரும். பற்றாக்குறை வாய்ப்பு இன்னும் 11.5 சதவீதம். ஏழாவது நடை அதை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்கும். அது வீண்செலவல்ல.

ஆனால் நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் கூட்டம் பெருகும் நாட்களை இந்தப் பரவலில் கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் கணக்குப் போடுங்கள்.