எந்த வாயிலுக்கு இந்தக் கட்டணம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் அரியமங்கலத்தின் தெருக்களில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையை எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பது? திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலைக்கு உதிரிப்பாகம் செய்து தரும் பட்டறைகளிலும் பொன்மலைப் பணிமனையிலும் உழைப்போர் மிகுந்த பகுதி இது. தங்கள் கை கறுத்தாலும் பிள்ளையின் கை கறுக்கலாகாது என்று எண்ணும் பெற்றோரின் விருப்பத்தை நாம் தலைவணங்கி மதிக்கின்றோம். ஆயினும், அந்த விருப்பத்தின் பெயரால் வீட்டு வரவிலிருந்து பெயர்த்தெடுக்கப்படும் பணம் எந்த வாயிலைத் திறக்கப் போகின்றது என்னும் கேள்வி பல வீடுகளில் எழுவதே இல்லை. இதுவே நம் கவலை.

தமிழ்நாட்டில் மாநிலக் கலந்தாய்வு வழியான பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை. 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அதற்கு அளவுகோல். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளாயினும் பிற கல்லூரிகளாயினும், மாநிலக் கலந்தாய்வின் வழியே சேர்வோர்க்குப் பள்ளிப் பாடமே போதும். நுழைவுத்தேர்வு வேண்டுவது மருத்துவத்துக்கும், துவாக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்களுக்கும். இவ்வேறுபாட்டை உணராமல், பொறியாளராக விரும்பும் பிள்ளைக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டுவோர் எத்துணையோ பேர்.

கலந்தாய்வுக் கணக்கைச் சற்று உற்று நோக்குவோம். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகின்றது. அதில் கணிதம் 100. இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது. கணிதத்தில் 70 பெறும் மாணவி 80 பெற்றால் கட்-ஆஃப் பத்து உயரும். இயற்பியலில் அதே முன்னேற்றம் கண்டால் ஐந்துதான் உயரும். இரண்டு பாடத்துக்கும் டியூஷன் கட்டணம் தலா மாதம் ஆயிரம் ரூபாய் எனில், கணிதத்துக்குக் கொடுக்கும் ரூபாய் இருமடங்கு வேலை செய்கின்றது. எனவே ஒரு பாடத்துக்கு மட்டுமே பணம் உள்ள வீட்டில் அது கணிதமாக இருத்தல் வேண்டும். பிள்ளை கணிதத்தில் ஏற்கெனவே 95 பெறுமாயின் அங்கே ஏற இடமில்லை; அப்போதுதான் இயற்பியலைப் பார்க்க வேண்டும். மூன்று பாடமும் ஒருங்கே என்று விற்கப்படும் தொகுப்பு, தேவையில்லாத இரண்டையும் தேவையான ஒன்றோடு கட்டித் தருவதே பெரும்பாலும்.

மருத்துவக் கனவின் கணக்கு வேறு, கடினமும் கூட. 2024-இல் நீட் தேர்வை நாடெங்கும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சிறிதே தாண்டியவை. அதனினும் முக்கியமான செய்தியை நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தமிழக அரசுக்கு அளித்த அறிக்கை எடுத்துரைத்தது. நீட் வருமுன் 2016-17-இல் மருத்துவ இடம் பெற்றோருள் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவினரே. 2020-21-இல் அவர்கள் நூற்றுக்கு எழுபத்தொருவர் ஆயினர். இதன் பொருள் என்ன? இடம் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ எழுதியவர்கள். ஆகவே பயிற்சி நிறுவனத்தின் தட்டியில் அச்சிடப்பட்டுள்ள ஓராண்டுக் கட்டணம் மருத்துவ இடத்தின் முழு விலை அன்று. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் முதல் நாளே கணக்கில் எழுதாத குடும்பம், பாதி விலையைப் பார்த்துப் பொருளை வாங்கும் குடும்பமாகும்.

ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். பட்டறையில் கடைசல் வேலை செய்யும் தந்தைக்கு மாதம் 18,000. தைத்துக் கொடுக்கும் தாய்க்கு 6,000. வாடகை 6,500, மளிகை, பால், காய்கறி 9,500, மின்சாரம், எரிவாயு, பேருந்து, கைப்பேசி 2,500, சீட்டு 2,000 போக எஞ்சுவது 3,500 ரூபாய். காய்ச்சலும் கலியாண மொய்யும் இதற்குள்தான். இவ்வீட்டார் ஒரு லட்ச ரூபாய்ப் பயிற்சியில் மகளைச் சேர்த்தால், 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியோடு 1,18,000 ஆகும். நகையை அடகு வைத்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் பெற்றால் மாத வட்டி 1,180. இதைத் தாங்கலாம் என்றே தோன்றும். முதல் முறை இடம் கிட்டாது மறுஆண்டும் அதே தொகையைக் கடன் வாங்கினால் வட்டி 2,360. எஞ்சியது 1,140. இனி அசலுக்கு வழியில்லை. நகை ஏலத்துக்குப் போகும். எட்டாம் வகுப்பில் இருக்கும் தம்பியின் மேற்படிப்புக்கென்று இருந்த ஒரே கையிருப்பு அந்த நகையே.

இதற்கஞ்சிக் கனவைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. அளந்து பார்த்துப் பணம் கட்டுமாறு கூறுகின்றோம். சேர்வதற்கு முன்னரே பழைய வினாத்தாள்கள் மூன்றைக் கடிகாரம் வைத்துப் பிள்ளை வீட்டில் எழுதட்டும். தவறுகள் பாடம் தெரியாமையாலா, நேரம் போதாமையாலா, படித்தும் குழம்பியதாலா என்று பிரித்துப் பார்க்கட்டும். பாடமே தெரியவில்லையெனில் ஆசிரியர் தேவை. நேரம் போதவில்லையெனில் தேவைப்படுவது தேர்வுப் பழக்கம். அதற்கு லட்சம் வேண்டியதில்லை. சேர்ந்த பின்னர்ப் பத்து வாரத்தில் அதே அளவு வினாத்தாளில் மதிப்பெண் ஏறவில்லையெனில், இருபதாம் வாரத்தில் ஏறும் என்று நம்ப ஆதாரமில்லை.

மதிப்பெண் ஏறாத பயிற்சியை நிறுத்துவதற்கு மாதத் தவணையே துணை செய்யும். முழுத் தொகையையும் முன்னரே செலுத்தியோர் கை கட்டப்பட்டவர் ஆகின்றனர். நாடறிந்த ஒரு பயிற்சி நிறுவனத்தின் வட இந்திய மையங்கள் பல 2025 சனவரியில் திடீரென மூடப்பட்டபோது, முன்பணம் கட்டிய பெற்றோர் தெருவில் நின்றதை நாடு கண்டது. இடையில் விலகும் மாணவர்க்கு எஞ்சிய காலத்துக்கான பணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டுமென 2024 சனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. வழிகாட்டுதல் தானே நடவாது. சேர்க்கைப் படிவத்தில் இந்த நிபந்தனை இருக்கின்றதா என்று பெற்றோர் படித்துப் பார்த்தே கையொப்பமிட வேண்டும்.

கட்டணப் பட்டியலில் எங்கும் காணப்படாத இழப்பு ஒன்றும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவ்விடங்களுக்கான கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கின்றது. அரசு உதவிபெறும் பள்ளியில் பயின்றோர்க்கு இவ்வுரிமை இல்லை. பயிற்சியோடு இணைந்த தனியார் பள்ளி என்று நம்பிப் பதினொன்றாம் வகுப்பில் பிள்ளையை மாற்றும் தந்தை, பணத்தையும் கொடுத்து இவ்வுரிமையையும் இழக்கின்றார். ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்தாண்டு சேர்த்த தகுதி ஒரு மாற்றுச் சான்றிதழில் அழிகின்றது. நம் பார்வையில் இதுவே இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் செய்யும் பிழைகளுள் மிகக் கொடியது; திருத்தவும் முடியாதது.

பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இல்லாத மற்றொரு வழியும் உண்டு. அரியமங்கலத்துக்குள்ளேயே சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் இருக்கின்றது. பத்தாம் வகுப்புக்குப் பின் பட்டயப் படிப்பு முடித்தோர் நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கும் பட்டய மதிப்பெண்ணே அளவுகோல்.

பெற்றோரே, அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளையை அங்கேயே பயில விடுங்கள். எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்த்தாலும் அந்தந்த மாதக் கட்டணத்தை மட்டும் செலுத்துங்கள். பத்து வாரம் கழித்து மதிப்பெண்ணைப் பார்க்காமல் அடுத்த நகையைக் கழற்றாதீர்கள்.