மார்மைட்டில் கோதுமை மா இல்லை, சரி. பார்லி?

"ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர். அதில் கோதுமை மா இல்லை. ஆகவே சீலியாக் நோயுள்ள பிள்ளைக்கும் மார்மைட் கொடுக்கலாம்." இப்படியொரு பேச்சு நம் ஊரில் சுற்றுகிறது. முதல் இரண்டு வசனமும் சரி. முடிவு பிழை.

குளூட்டன் கோதுமையில் மட்டும் இல்லை, பார்லியிலும் இருக்கிறது. ஆகவே ஈஸ்ட் எதில் வளர்ந்தது என்று கேட்க வேண்டும். பாண் சுடும் ஈஸ்ட் பெரும்பாலும் சீனி ஆலையில் மிஞ்சும் பாகில் வளர்வது; அதில் பிரச்சினை இல்லை. மார்மைட் அப்படியல்ல. 1902இல் இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரில் அது தொடங்கியதே பியர் ஆலைகளில் மிஞ்சிய ஈஸ்ட்டை நம்பித்தான். பியருக்கு மூலம் முளைகட்டிய பார்லி. எவ்வளவு பிரித்தெடுத்தாலும் பார்லிப் புரதத்தின் மிச்சம் ஈஸ்ட்டோடு வரும். இங்கிலாந்துப் போத்தலின் லேபலிலேயே ஈஸ்ட் சாறில் பார்லி, கோதுமை இருப்பதாக எழுதியிருக்கிறது. அவுஸ்திரேலிய வெஜிமைட்டில் பார்லி மோல்ட் சாறே தனியாகச் சேர்கிறது. அதனால்தான் குளூட்டன் இல்லாத வெஜிமைட்டை வேறாகச் செய்து விற்கிறார்கள்.

"புளித்ததும் புரதம் உடைந்துவிடுமே" என்பார்கள். உடையும், ஆனால் உடைந்த துண்டும் குடலைத் தாக்கும். வழக்கமான ஒரு பரிசோதனை புரதத்தை இரண்டு இடத்தில் பிடித்தால்தான் கணக்கில் எடுக்கும். சிறு துண்டுகள் அதில் தப்பிவிடும். புளித்த உணவுக்கென்று வேறு பரிசோதனை இருக்கிறது. "சோதித்தோம், இல்லை" என்றால், எந்தச் சோதனை என்று கேட்போம்.

இனி சுவையூட்டி. பிஸ்கட், சிப்ஸ், சூப் கட்டி, கோர்ன்ஃப்ளேக்ஸ் எதிலும் பார்லி "மோல்ட்", "மோல்ட் சாறு", "ஈஸ்ட் சாறு" என்ற பெயர்களில் வரலாம். இங்கிலாந்தில், சுவையூட்டிக்குள் இருந்தாலும் பார்லியைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டு ஒவ்வாமைச் சட்டமோ கோதுமையை மட்டும் சொல்கிறது, பார்லியைச் சொல்லவில்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொதியில் "இயற்கைச் சுவையூட்டி" என்ற ஒரு சொல்லுக்குள் பார்லி ஒளிந்திருக்கலாம். "கோதுமை இல்லை" என்பது "குளூட்டன் இல்லை" ஆகாது. "குளூட்டன் இல்லை" என்று எழுத, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஹலால் இலச்சினையைத் தேடிப் பார்த்தே பொதியை வாங்கும் நமக்கு, பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி வாசிப்பது பாரமா? ஹலால் இலச்சினை குளூட்டனைப் பற்றி எதுவும் சொல்லாது.

மற்றப் பிள்ளைகளுக்கு இந்தப் பார்லியால் கேடில்லை. பயந்து வீட்டுப் போத்தலை வீசத் தேவையில்லை. ஆனால் சீலியாக் உள்ள பிள்ளைக்குப் பாணையும் ரொட்டியையும் நிறுத்திவிட்டு, கஞ்சியில் தினமும் ஒரு கரண்டி மார்மைட் கரைத்து, மாலையில் மோல்ட் பானமும் கொடுத்துக்கொண்டு, "இன்னும் ஏன் வயிற்றோட்டம் நிற்கவில்லை?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. தெரியாமல் "கொடுக்கலாம்" என்று சொல்பவர்கள், சொல்வதை நிறுத்தட்டும்.