மார்ச் 31இல் மட்டும் மெலியும் கடன்



சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனி நீட்டும் வருடாந்த அறிக்கையில் ஐந்தொகை என்று ஒரு பக்கம் உண்டு. அது காட்டுவது ஒரே ஒரு நாளின் நிலையை. பல தோட்டக் கம்பனிகளுக்கு அந்த நாள் மார்ச் 31, சிலவற்றுக்கு டிசம்பர் 31. அந்த ஒரு நாளுக்காகக் கணக்குக்கு முகப்பூச்சுப் பூசுவது உலகெங்கும் நடந்திருக்கிறது.

அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி காலாண்டு முடியும் நேரத்தில் தன்னிடமிருந்த பத்திரங்களை விற்றுவிட்டதாக எழுதி, வந்த பணத்தில் கடனை அடைத்தது. சில நாட்களில் மீண்டும் கடன்பட்டு அதே பத்திரங்களைத் திரும்பப் பெற்றது. 2008 மே மாத முடிவில் இப்படி மறைந்த தொகை சுமார் 5,000 கோடி டொலர். அதே ஆண்டு செப்டெம்பர் 15இல் வங்கி விழுந்தது. நீதிமன்றம் நியமித்த பரிசோதகரின் அறிக்கை 2010 மார்ச்சில் வெளிவந்தபோதுதான் ஊருக்கு உண்மை தெரிந்தது.

இப்படியான பூச்சை வட்டி காட்டிக்கொடுக்கும். கடன் ஒரு நாளின் கணக்கு. வட்டி 365 நாட்களின் கணக்கு. ஓர் உதாரணம்: ஐந்தொகையில் கடன் 20 கோடி ரூபா, வட்டி வீதம் 12 என்று வைப்போம். ஆண்டு முழுவதும் கடன் அவ்வளவுதான் என்றால் வட்டி 2 கோடி 40 இலட்சம் வரவேண்டும். இலாப நட்டக் கணக்கிலோ 6 கோடி என்று இருக்கிறது. அப்படியானால் ஆண்டில் சராசரியாக 50 கோடி கடன் இருந்திருக்கிறது.

அந்த 30 கோடியை எப்படி அடைத்தார்கள்? அடுத்து 'செலுத்த வேண்டியவை' என்ற வரியைப் பாருங்கள். உரக்காரருக்கும் கொழுந்து தந்த சிறு தோட்டக்காரருக்கும் கொடுக்காமல் நிறுத்திய பணம் அங்கே ஏறியிருக்கும். நமது ஊழியர் சேமலாப நிதியும் அங்கே இருக்கலாம். நமது 8 வீதத்தையும் கம்பனியின் 12 வீதத்தையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். ஆகவே மார்ச் 31இல் ஒரு மாதப் பணம் நிலுவையாக நிற்பது இயல்பு. அதற்கு மேல் நின்றால் அது பாக்கி.

மூன்றாவதாக, ஜூன் 30 காலாண்டுக் கணக்கை எடுங்கள். பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகள் அதை வெளியிட்டாக வேண்டும். கடன் மறுபடி 50 கோடிக்குப் போயிருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஆனாலும் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டக்கூடாது. ஆண்டின் கடைசியில் ஒரு சொத்தை விற்று நேர்மையாகக் கடன் அடைத்திருக்கலாம். ஹட்டன், டிம்புள்ள பக்கம் ஆண்டின் முதல் மாதங்களில் தேயிலைக்கு நல்ல தரமும் விலையும் கிடைப்பதால் மார்ச்சில் கையில் பணம் இருப்பதும் வழமை. அதனால் முந்திய ஆண்டின் மார்ச், ஜூன் கணக்குகளோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் மார்ச்சில் மெலிந்து ஜூனில் பருக்கும் கடனுக்குக் கம்பனிதான் விளக்கம் சொல்லவேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு நமது பிரதிநிதிகள் இந்த மூன்று தாள்களையும் கையில் கொண்டுபோகட்டும்.