மாதம் முப்பது வட்டி யார் வீட்டுப் பணம்?

ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற பெயரை வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி வட்டாரத்து மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்தது என்பது அந்த நிறுவனத்தின் மீது போலீசார் சாட்டும் குற்றம். 2022 மே மாதம் சோதனை நடந்தது. அதன் பிறகு போட்ட பணத்துக்காக ஜனங்கள் அலைந்தார்கள்.

இந்த வாக்குறுதி நடக்கக் கூடியதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். கையில் பத்து லட்சம். மாதம் முப்பது சதவீதம் என்றால் மூன்று லட்சம் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒன்பது லட்சம் தீர்ந்துவிடும். நாலாம் மாதம் மிஞ்சுவது ஒரு லட்சம். கொடுக்க வேண்டியதோ மூன்று லட்சம்! புதிதாகப் பணம் போடுகிறவர் வந்தால்தான் பழையவருக்கு வட்டி. வருகிறவர் நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேதி தவறாமல் வந்ததே!" என்பார்கள். வந்தது உண்மைதான். ஆனால் முதல் மூன்று மாதம் வந்தது அவர் போட்ட பணமே. அதை நம்பித் தறிக்கூலியைச் சேர்த்துப் போட்டவர்தான் கடைசியில் அகப்படுகிறார்.

டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்கள்கூட வருஷத்துக்குப் பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. மாதத்திலேயே அதற்கு இரட்டிப்பு என்றால் சந்தேகப்பட வேண்டாமா?

"கம்பெனி பதிவு செய்திருக்கிறது" என்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். கம்பெனி நடத்தப் பதிவு வேறு. பொதுஜனங்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி வேறு. அந்த அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளத்தில் பார்க்கலாம்.

முதலீட்டு ஆலோசகர் என்று ஒருவர் வந்தால், செபியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது INA என்று தொடங்கும். அவர் நீட்டும் அட்டையை நம்பாமல், sebi.gov.in தளத்தில் உள்ள பட்டியலில் எண், பெயர், விலாசம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று நீங்களே பாருங்கள். உண்மையான எண்ணைப் போலிகள் திருடிச் சொல்வதும் உண்டு. ஆகவே பட்டியலில் உள்ள விலாசத்துக்கே தொடர்பு கொண்டு விசாரிப்பது நல்லது.

எண் சரியாக இருந்தாலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பதிவு பெற்ற ஆலோசகர் இவ்வளவு லாபம் நிச்சயம் என்று உறுதி கூறக்கூடாது. முதலீட்டுப் பணத்தைத் தம் கையில் வாங்கவும் கூடாது. அவருக்கு உரியது ஆலோசனைக் கட்டணம் மட்டுமே. உறுதியும் கூறி, பணத்தையும் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக் கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்தவர்கள் ரசீது, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரங்களுடன் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மோசடிக்காரரின் சொத்தை முடக்கி, விற்றுப் பங்கிட வழி செய்கிறது. ஆனால் அதற்கு வருஷங்கள் ஆகும். கிடைப்பதும் மிஞ்சிய சொத்தில் ஒரு பங்குதான். பணம் கைமாறும் முன்பு செய்யும் விசாரணைக்கோ அரை மணி நேரம் போதும்.