31-ஆ 64-ஆ? கூட்டிப் பாருங்க பாஸ்!

ஒரு ஆர்டுயினோ போர்டு வெப்பநிலை, ஈரப்பதம்னு மாத்தி மாத்தி அனுப்புது: 31, 64, 31, 64... எதிர்ல இருக்கிற போர்டு கொஞ்சம் லேட்டா ஆன் ஆச்சுன்னா முதல்ல காதுல விழுறது 64. அவ்ளோதான், டிஸ்ப்ளேல வெயில் 64 டிகிரி! கத்திரி வெயிலுக்கே இது ஓவர்.

அதனால ரெண்டும் முன்கூட்டியே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கணும். ஆரம்பத்துல 170, அடுத்து டேட்டா எத்தனை பைட், அப்புறம் டேட்டா, கடைசியா செக்சம். பெரிய வித்தை இல்ல, 2+31+64 = 97.

```
170 2 31 64 97
```

பக்கத்துல ஓடுற மோட்டாரோட இரைச்சல்ல 64, 65 ஆயிடுச்சுன்னு வைங்க. வாங்குற போர்டு கூட்டினா 98. வந்திருக்கிறதோ 97. மெசேஜைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த 170-ஐத் தேடும். டேட்டாவுக்குள்ளேயே 170 வந்து ஏமாந்தாலும், பெரும்பாலும் கணக்கு உதைச்சு மறுபடி தேட வச்சிடும்.

ஆனா இதுலயும் ஓட்டை இருக்கு. 31 கெட்டு 30, 64 கெட்டு 65 ஆனா? கூட்டினா அதே 97! செக்சம் அப்பாவியா உள்ளே விட்டுடும்.

இங்கதான் சிஆர்சி-8. கூட்டாம, மொத்த மெசேஜையும் பைனரியில ஒரு நிலையான எண்ணால வகுத்து மீதியை அனுப்பும். எந்த இடத்து பிட் கெட்டுச்சுங்கிறதும் மீதியை மாத்தும். பாலினாமியல் `0x07` போட்டா, இந்த மாதிரி குட்டி மெசேஜ்ல எந்த ரெண்டு பிட் புரண்டாலும் மாட்டிக்கும். திருத்தித் தராது, கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். வெப்பநிலைக்கு அது போதும், அடுத்த ரீடிங் எப்படியும் வந்துட்டுத்தானே இருக்கு!