ஏறுவதற்கு ஒரு பாட்டு, காத்திருப்பதற்கு வேறொரு பாட்டு

அறுவை சிகிச்சைக்கோ பெரிய பரிசோதனைக்கோ முன்னால் காத்திருக்கும் வேளையில், அச்சம் தணிவதற்காகப் பாட்டுக் கேட்பது இப்போது பரவலான வழக்கமாகிவிட்டது. அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும் எந்தப் பாட்டு, யார் தேர்ந்தெடுப்பது, எப்போது நிறுத்துவது என்னும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை காணாவிட்டால், அதே பாட்டு பயனற்றுப் போகலாம். சில வேளைகளில் இடையூறாகவும் ஆகலாம்.

முதலில் பாட்டின் நடையைப் பார்ப்போம். பழனி மலையடிவாரத்தில் வாழும் நமக்குக் காவடிச்சிந்து புதிதன்று. காவடி சுமந்து நடப்பவரின் அடிகளுக்கு இசைந்து துள்ளும் நடை அது. திருப்புகழின் சந்தங்களிலும் பல விரைந்து ஓடுபவை. தைப்பூசப் பாதயாத்திரையில் களைத்த கால்களை அவை எழுப்பி நடக்க வைக்கின்றன. அவற்றின் வேலையே உடலைக் கிளர்த்துவதுதான். ஆனால் அறுவை அரங்கின் வாயிலில் படுத்திருப்பவரின் நெஞ்சு ஏற்கெனவே விரைந்து துடித்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு வேண்டியது படியேறும் பாட்டன்று, தொட்டிலாட்டும் பாட்டு. பக்தியில் குறைவு நிறைவு என்பது இங்கே பேச்சில்லை. அதே முருகன் பாடலை ஒருவர் மெல்ல, தாளக் கருவிகளின் ஆரவாரமின்றிப் பாடிய ஒலிப்பதிவு இருந்தால், அதுவே பொருத்தமானது.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பாட்டை ஓடவிட்டு, அதன் தாளத்திற்கேற்ப விரலால் தொடையில் தட்டுங்கள். 15 நொடிகளில் எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். 15 முதல் 20 வரை வந்தால், நிமிடத்திற்கு 60 முதல் 80 என்னும் கணக்கில், அது ஓய்வாக இருப்பவரின் நாடித் துடிப்பை ஒட்டிய நடை. முப்பதைத் தாண்டினால் அந்தப் பாட்டைத் திரும்பி வரும் பயணத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

மெதுவான நடை ஏன் உதவுகிறது என்பதற்கு மூச்சில் ஒரு விளக்கம் உண்டு. 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 23 பேர் இலத்தீன் மொழியில் செபமாலை செபத்தையும், பின்னர் ஒரு பௌத்த மந்திரத்தையும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இரண்டிலுமே அவர்களுடைய மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்த மூச்சோடு சீராக ஏறி இறங்கின. ஒரே அளவிலான நீண்ட அடிகளைத் திரும்பச் சொல்லும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது. ஆகவே நீண்ட அடிகளும் திரும்பி வரும் பல்லவியும் உடைய பாட்டு நல்லது. கோயில் பாடலோ, தேவாலயக் கீதமோ, இஸ்லாமியப் பாடலோ, பழைய திரைப்பாடலோ, தாலாட்டோ எதுவாயினும் சரி. அதைக் கேட்பதைவிட வாய்க்குள் மெல்ல முணுமுணுப்பது மூச்சை இன்னும் நேராக நெறிப்படுத்தும்.

இனி, யார் தேர்ந்தெடுப்பது? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பயன்படும். நரம்பை மரக்கச் செய்யும் ஊசிக்கு முன்னால், 157 பேரில் ஒரு பகுதியினருக்கு மிடாசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மருந்தும், மற்றவர்களுக்கு மூன்று நிமிட இசையும் தரப்பட்டன. பதற்றம் இரு சாராரிடத்தும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. ஆனால் ஆய்வின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. மருந்து பெற்றவர்களே தங்கள் அனுபவத்தில் கூடுதல் நிறைவு தெரிவித்தனர். இசை கேட்டவர்களோடு பேசுவது கடினமாயிற்று என்று நோயாளிகளும் மருத்துவர்களும் கூறினர். வெளியொலியைத் தடுக்கும் ஹெட்போன் காதில் இருந்தது. இசையும் ஆய்வாளர்கள் தேர்ந்ததேயன்றி நோயாளி கேட்டதன்று. இந்த இரண்டு குறைகளையும் நாம் எளிதில் தவிர்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டாக, பூம்பாறையிலிருந்து மதுரைக்குக் கண்புரை அறுவைக்குச் செல்லும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். உடன் செல்பவர் அவருடைய மகள். மகள் தனக்குப் பிடித்த பாடல்களை ஏற்றிக்கொண்டு போவதில் பயனில்லை. இரண்டு நாள் முன்னதாகவே, "அம்மா, உங்களுக்கு எந்தப் பாட்டுக் கேட்டா மனசு அமைதியா இருக்கும்?" என்று கேட்டு, அதை ஒருமுறை ஓடவிட்டு, தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். மறைந்த கணவரை நினைவூட்டிக் கண்கலங்க வைக்கும் பாட்டு, எவ்வளவு பிடித்ததாயினும் அன்றைக்கு வேண்டாம். தேர்ந்த இரண்டு மூன்று பாடல்களைக் கைபேசியிலேயே பதிவிறக்கி வைக்க வேண்டும். மலைப்பாதையில் சிக்னல் அறுபடும். இணையத்தில் ஓடவிட்டால் பாட்டுக்கு நடுவே உரத்த விளம்பரமும் புகுந்துவிடும்.

மருத்துவமனையில் கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டபின் காத்திருக்கும் நேரம் உண்டு. பார்வை மங்கி, கண்மூடி அமர்ந்திருக்கும் அந்த நேரமே அச்சம் வளரும் நேரம். பாட்டுக்கு உரிய நேரமும் அதுவே. ஒரு காதில் மட்டும் இயர்போன், பக்கத்தில் பேசுவது கேட்கும் அளவுக்குக் குறைந்த ஒலி, அழைப்பு மணி குறுக்கிடாதபடி விமானப் பயன்முறை, இவை போதும்.

செவிலியர் அருகில் வந்தவுடன் பாட்டு நிற்க வேண்டும். பெயர் என்ன, எந்தக் கண்ணில் அறுவை, எந்த மருந்து ஒவ்வாது என்று அவர் கேட்பது சடங்கன்று. காதில் பாட்டோடு, கேள்வி விளங்காமலே "சரி" என்று தலையசைத்தால், தவறான கண்ணையோ தவறான மருந்தையோ தடுக்கும் ஒரு காவலை நாமே நீக்கியவர்கள் ஆவோம். அறுவை அரங்கிற்குள் இயர்போன் வேண்டாம். கண்புரை அறுவையில் பெரும்பாலோர் விழித்தே இருப்பர்; மருத்துவர் சொல்வது கேட்க வேண்டும், தலை அசையக் கூடாது. அங்கே வாய்விட்டு முணுமுணுப்பதும் கூடாது. பழகிய பல்லவியை மனத்திற்குள் ஓடவிட்டு, அதன் அளவில் மூச்சு விடலாம். அதனால்தான் நன்கு மனப்பாடமான பாட்டையே தேரச் சொல்கிறோம்.

பாட்டால் ஆகாதவையும் உண்டு. 'பாதியில் மரப்பு நீங்கிவிடுமோ' என்பது போன்ற தெளிவான கேள்வி மனத்தில் இருக்குமானால், எந்த இராகமும் அதற்கு விடை சொல்லாது. மருத்துவரைக் கேட்டபின்தான் பாட்டு வேலை செய்யும். பத்து நிமிடம் கேட்டும் கை நடுக்கமும் வேகமான மூச்சும் குறையாவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள்; பதற்றம் தணிக்க மருந்து உண்டு, அதைக் கேட்பது வெட்கமன்று. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால், அதைப் பயம் என்று நீங்களாகவே முடிவு செய்து பாட்டைக் கூட்டி வைக்காதீர்கள், உடனே அழையுங்கள்.

மருத்துவமனைகளுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். காத்திருப்போர் கூடத்தில் எல்லோருக்குமாக ஓடும் தொலைக்காட்சியோ ஒலிபெருக்கிப் பாட்டோ இந்த வேலையைச் செய்யாது. ஒருவரின் தாலாட்டு மற்றவருக்கு இரைச்சல். அந்த ஒலியை நிறுத்திவிட்டு, சேர்க்கைப் படிவத்தில் 'காத்திருக்கையில் கேட்க விரும்பும் பாட்டு' என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்குச் செலவில்லை. அந்த வரியை நிரப்பும்போதே, நோயாளியிடம் அவர் மட்டுமே விடை அறிந்த ஒரு கேள்வியை நாம் கேட்டிருப்போம்.